மாதம் 18,000 மிச்சம் என்றால், அந்தப் பணம் எங்கே?

வாசகர் கேள்வி: "கணவரின் சம்பளம் 52,000, என் வருமானம் 28,000, ஆக மாதம் 80,000 வருகிறது. வாடகை 20,000, மளிகை, காய்கறி 14,000, பள்ளிக் கட்டணம் 6,000, மின்சாரம், தண்ணீர், எரிவாயு, இணையம், தொலைபேசி எல்லாம் சேர்த்து 5,000, போக்குவரத்து 5,000, வாகனக் கடன் தவணை 6,000, வெளியே சாப்பிடுவதும் பொழுதுபோக்கும் 3,000, இதர 3,000. மொத்தச் செலவு 62,000, மிச்சம் 18,000, அதாவது 22.5% சேமிப்பு. தொடர் வைப்புக்கு மாதம் 5,000 இந்த மிச்சத்திலிருந்துதான் போகிறது. ஆனால் ஒரு வருடத்தில் வங்கியில் கூடியது 37,000 மட்டுமே. வாடகைக்கே 32% போவதால் வீட்டை மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறோம். 12 மாத ஸ்டேட்மென்ட்டுகளை இணைத்திருக்கிறேன். எங்கள் மிச்சம் உண்மையா, பொய்யா?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. பட்டியலை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன், 62,000 சரியாகவே வருகிறது. ஆனாலும் அந்த 18,000 உண்மையான மிச்சம் அல்ல. நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டுகளின்படி கடந்த 12 மாதங்களில் உங்கள் குடும்பம் சேமித்தது மாதத்துக்கு ஏறக்குறைய 6,000. வருமானத்தில் அது 7.7%. இதற்கு வாடகை காரணம் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கை நம்பி நீங்கள் வீடு மாறிவிட்டால், இடமாற்றச் செலவும் புது முன்பணமும் போக, கசிவு இருந்த இடத்திலேயே இருக்கும்.

மிச்சம் உண்மையா என்று பார்க்கும்போது நான் செலவுப் பட்டியலிலிருந்து தொடங்குவதில்லை. பட்டியலில் இருப்பது எழுதுபவருக்கு நினைவுக்கு வந்த செலவு மட்டுமே. மறந்துபோன செலவு எதுவென்று பட்டியலையே கேட்டால் அது சொல்லாது. இருப்பு அப்படியல்ல. எழுதப்பட்டதோ மறக்கப்பட்டதோ, எல்லாச் செலவும் கடைசியில் ஏதாவது ஓர் இருப்பைக் குறைத்தோ ஒரு கடனைக் கூட்டியோதான் ஆகவேண்டும். ஆகவே ஆண்டின் முதல் நாளிலும் கடைசி நாளிலும் உங்களிடம் இருந்த பணம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, அந்தந்த நாளில் கிரெடிட் கார்டில் கட்டவேண்டியிருந்த பாக்கியைக் கழித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் அதுவே உண்மையான மிச்சம். இந்தச் சோதனைக்கு ஆண்டு முழுவதுமான ரசீதுகள் வேண்டியதில்லை. இரண்டு நாள் இருப்பு போதும்.

உங்கள் கணக்கில் அதைச் செய்து பார்ப்போம். ஆண்டின் தொடக்கத்தில் சம்பளக் கணக்கில் 22,000, இரண்டாவது கணக்கில் 31,000, கையிருப்பு நீங்கள் குறிப்பிட்டபடி 5,000, ஆக 58,000 இருந்தது. அன்று கார்டு பாக்கி 9,000. கழித்தால் நிகர இருப்பு 49,000. ஆண்டின் முடிவில் சம்பளக் கணக்கில் 41,000, இரண்டாவது கணக்கில் 49,000, கையில் அதே 5,000, ஆக 95,000. கார்டு பாக்கியோ 33,000. கழித்தால் 62,000. வங்கியில் 37,000 கூடியது என்று நீங்கள் எழுதியது சரிதான். ஆனால் அதே காலத்தில் கார்டு பாக்கி 24,000 கூடியிருப்பதால், உண்மையில் கூடியது 13,000 மட்டுமே.

கார்டு விஷயத்தில் பலரும் தடுமாறுவதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கார்டில் வாங்கிய பொருளின் செலவு, அதைத் தேய்த்த நாளிலேயே உண்டாகிவிடுகிறது. பில் கட்டும் நாளில் நடப்பது கடன் தீர்ப்பது மட்டுமே. வாங்கியதையும் செலவாக எழுதி, பில் கட்டியதையும் செலவாக எழுதுபவர்கள் உண்டு. அவர்கள் கணக்கில் செலவு இரட்டிப்பாகும். பில்லில் கட்டிய தொகையை மட்டும் எழுதிவிட்டு, கட்டாமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளியதை மறந்துவிடுபவர்களும் உண்டு. அவர்கள் கணக்கில் மிச்சம் ஊதிப்போகும். உங்களுடைய நிலை இரண்டாவது வகை. வங்கியில் ஏறிய 37,000-இல் 24,000 நீங்கள் சேமித்த பணம் அல்ல, கார்டு நிறுவனத்துக்குக் கொடுக்காமல் வைத்திருக்கும் பணம்.

இனி உங்களுக்குச் சாதகமான ஒன்று. தொடர் வைப்புக்குப் போன 5,000 மாதந்தோறும் சம்பளக் கணக்கிலிருந்து வெளியேறிவிடுவதால், வங்கி இருப்பை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அது செலவு போலத் தெரியும். அது செலவு அல்ல, உங்கள் பணமே வேறோர் இடத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு 60,000. இதைப் பட்டியலில் செலவாக எழுதாமல் விட்டது சரியான முடிவு. 13,000-உடன் இந்த 60,000-ஐச் சேர்த்தால் 73,000. கடந்த ஆண்டு நீங்கள் சேமித்தது இவ்வளவு. வைப்புக்கு ஏறிய வட்டியை நான் சேர்க்கவில்லை, ஏனென்றால் வருமானப் பக்கத்திலும் அதைச் சேர்க்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவுகோலாக இருக்க வேண்டும்.

வாகனக் கடன் தவணையில் ஒரு பகுதி அசலைக் குறைக்கிறதே, அதையும் சேமிப்பாகக் கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். கணக்கியல்படி அதில் நியாயம் இருக்கிறது. கடன் குறைந்தால் நிகர மதிப்பு கூடத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கடனில் வாங்கிய வாகனத்தின் விலையும் அதே வேகத்திலோ அதைவிட விரைவாகவோ இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே வாகனக் கடனின் அசலை நான் சேமிப்பில் சேர்ப்பதில்லை. வீட்டுக் கடனாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

பட்டியல் சொல்வது ஆண்டுக்கு 2,16,000, இருப்பு சொல்வது 73,000. கணக்கு 1,43,000-க்கு இடிக்கிறது. இருப்புச் சோதனையின் எல்லை இங்கேதான் வருகிறது: இடிக்கிறது என்று அது அடித்துச் சொல்லும், எங்கே இடிக்கிறது என்று சொல்லாது. அதற்கு ஸ்டேட்மென்ட்டுக்குள் இறங்கத்தான் வேண்டும். இறங்குமுன் ஓர் எச்சரிக்கை: உங்கள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிய தொகைகள் ஸ்டேட்மென்ட்டில் பற்றாகவே தெரியும், அவற்றை முதலில் அடித்துவிட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ கைமாற்றாகக் கொடுத்ததும் வாங்கியதும் இருந்தால் அதையும் தனியே குறிக்க வேண்டும். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் அப்படி எதுவும் எனக்குத் தென்படவில்லை.

முதலில் வருமானத்தைப் பார்த்தேன், ஏனென்றால் எல்லோரும் செலவைத்தான் சந்தேகிப்பார்கள். கணவரின் 52,000 மாதம் தவறாமல் அதே தொகையாக வந்திருக்கிறது. உங்கள் 28,000 அப்படி இல்லை. 12 மாதங்களில் உங்கள் கணக்கில் வரவான தொகை 3,18,000, சராசரி 26,500. ஐந்து மாதங்களில் 28,000-க்கு மேலும், மற்ற மாதங்களில் அதற்குக் கீழேயும், ஒரு மாதம் 22,000 மட்டுமாகவும் வந்திருக்கிறது. வேலைக்கேற்ற கூலி பெறுபவர்கள் நல்ல மாதத்தின் தொகையையே தம் வருமானமாக நினைவில் வைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் அந்த நினைவு உங்கள் பட்டியலில் மாதம் 1,500-ஐ, ஆண்டுக்கு 18,000-ஐ, இல்லாத வருமானமாகச் சேர்த்துவிட்டது.

பெரிய ஓட்டை அடுத்தது. உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியும் மாதாமாதம் வருகிற செலவு. ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வருகிற செலவு ஒன்றுகூட அதில் இல்லை. ஸ்டேட்மென்ட்டில் 4,000-க்கு மேற்பட்ட பற்றுகளை மட்டும் தனியே எடுத்து, வாடகை, தவணை போன்ற தெரிந்தவற்றை நீக்கியபோது மீதி நின்றவை இவை: காப்பீட்டுக் கட்டணங்கள் 34,000, அதில் வாகனக் காப்பீடு 10,000, பள்ளி ஆண்டுத் தொடக்கத்தில் புத்தகம், சீருடை, ஆண்டுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 22,000, வாகனத்தின் சர்வீஸ், டயர், வரி 16,000, குடும்ப விசேஷங்களுக்குப் போன பயணமும் அன்பளிப்பும் 20,000, பல் மருத்துவமும் பரிசோதனைகளும் 10,000. கூட்டினால் 1,02,000. இதை 12-ஆல் வகுத்தால் மாதம் 8,500. உங்கள் வீட்டில் மளிகைக்கும் வாடகைக்கும் அடுத்த மிகப் பெரிய செலவு இதுதான், ஆனால் பட்டியலில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

இந்தச் செலவு வந்த மாதங்களில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதும் ஸ்டேட்மென்ட்டில் தெரிகிறது. பள்ளித் தொகையையும் பெரிய காப்பீட்டுத் தொகையையும் கார்டில் கட்டியிருக்கிறீர்கள். அதற்குப் பின் வந்த பில்களில் முழுத் தொகையைக் கட்டாமல் குறைந்தபட்சத் தொகையையும் அதற்குச் சற்று மேலும் கட்டி வந்திருக்கிறீர்கள். "இந்த மாதம் மட்டும் எதிர்பாராத செலவு" என்று உங்கள் குறிப்பேட்டில் இரண்டு இடங்களில் எழுதியிருப்பதைப் பார்த்தேன். பள்ளி திறப்பதும் காப்பீடு முடிவதும் நாள் குறித்து வருகிற செலவுகள். எதிர்பாராதது என்று சொல்லத் தகுந்தது அந்தப் பட்டியலில் மருத்துவம் ஒன்றுதான், அதிலும் பாதி பரிசோதனைக் கட்டணம்.

வருமானக் குறை 18,000, ஆண்டுச் செலவு 1,02,000, இரண்டையும் கழித்தால் இடிக்கிற தொகை 23,000-ஆகக் குறைகிறது. அதில் 5,000 கார்டு வட்டியும் தாமதக் கட்டணமும். ஸ்டேட்மென்ட்டில் அவை தனித்தனி வரிகளாகவே இருக்கின்றன. மீதி 18,000, அதாவது மாதம் 1,500, பெரிய பற்றுகளில் எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே ஒரே ஒரு மாதத்தை எடுத்து, 500-க்குக் குறைந்த பற்றுகள் எல்லாவற்றையும் பென்சிலால் குறித்தேன். 41 பற்றுகள் இருந்தன, மொத்தம் 7,300. அதில் 2,700 மளிகை, பயணம் என்று ஏற்கனவே உள்ள தலைப்புகளில் அடங்கிவிட்டது. எதிலும் அடங்காதது 4,600. "இதர" என்ற வரியில் நீங்கள் எழுதியிருப்பது 3,000. ஆக, 1,500-க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். ஒரு மாதத்தை வைத்து ஆண்டைச் சொல்வது துல்லியம் ஆகாது; ஆனாலும் இரண்டு வழிகளில் போய் ஒரே இடத்துக்கு வந்தால், தேடலை அங்கே நிறுத்திக்கொள்வது என் வழக்கம். மாதம் நூறு, இருநூறு எங்கே போனது என்று துரத்துவது அந்தப் பணத்தைவிட அதிகமான மனஸ்தாபத்தில் முடியும்.

இப்போது சேமிப்பு விகிதம். அதைக் கணக்கிட மேலே போடவேண்டியது உண்மையான சேமிப்பு, கீழே போடவேண்டியது உண்மையான வருமானம். 73,000-ஐ 9,42,000-ஆல் வகுத்தால் 7.7% வருகிறது. பட்டியலில் நீங்கள் எழுதிய 22.5% என்பது எதிர்பார்ப்பை எதிர்பார்ப்பால் வகுத்துக் கிடைத்த எண்.

செலவுப் பங்குகளில் வேறு வகைப் பிழை ஒன்று இருக்கிறது. வாடகை 32% என்று எழுதியிருக்கிறீர்கள். 20,000-ஐ 62,000-ஆல் வகுத்தால்தான் 32% வரும். அதாவது மொத்தச் செலவில் அதன் பங்கு. சேமிப்பு விகிதத்தையோ 80,000-ஆல் வகுத்திருக்கிறீர்கள். உங்கள் தாளில் உள்ள செலவுப் பங்குகளைக் கூட்டினால் 100, அதனுடன் சேமிப்பின் 22.5-ஐச் சேர்த்தால் 122.5 என்று வருகிறது. ஒரு குடும்பத்தின் வருமானத்தை 122 பங்காகப் பிரிக்க முடியாது. எல்லாவற்றையும் கைக்கு வரும் வருமானத்தால் வகுப்பதே வசதி, ஏனென்றால் சேமிப்பையும் சேர்த்துக் கூட்டினால் 100 வருகிறதா என்று உடனே சரிபார்த்துவிடலாம். சராசரி மாத வருமானமான 78,500-ஆல் வகுத்தால் உங்கள் வாடகை 25.5%. இந்த அளவு வாடகையைக் குற்றம் சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

குற்றம் சொல்லவேண்டியது வேறு இடத்தில், இரண்டு மூன்று வரிகளாகப் பிரிந்து கிடக்கிறது. தலைப்புகளை எப்படிப் பணம் கட்டினோம் என்பதை வைத்துப் பிரிக்காமல், எதற்காகக் கட்டினோம் என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும். நாடுகளின் புள்ளியியல் துறைகள் குடும்பச் செலவை வகைப்படுத்தப் பயன்படுத்தும் ஐ.நா. வகைப்பாட்டில் போக்குவரத்து என்பது ஒரே பிரிவு. வாகனம் வாங்குவதும், எரிபொருளும், பழுதுபார்ப்பும், பயணச்சீட்டும் அதன் கீழேயே வருகின்றன. உங்கள் தாளில் போக்குவரத்து 5,000 என்று ஒரு வரி, தவணை 6,000 என்று நான்கு விரல் தள்ளி இன்னொரு வரி. அவற்றுடன் சர்வீஸ், டயர், வரிக்கு மாதத்துக்கு 1,333-ஐயும், வாகனக் காப்பீட்டுக்கு 833-ஐயும் சேர்த்தால், நடமாட்டத்துக்காக நீங்கள் செலவிடுவது மாதம் 13,166, வருமானத்தில் 16.8%. வீட்டுக்கே மளிகையும் காய்கறியும் வாங்க ஆகும் 17.8%-க்கு இது ஏறக்குறைய சமம். தனித்தனி வரிகளாக இருந்தவரை இரண்டும் உங்கள் கண்ணில் படவே இல்லை. 20,000 என்று ஒரே எண்ணாக நின்ற வாடகைதான் பட்டது. பள்ளிச் செலவையும் இப்படியே சேர்த்தால் 7.6% இல்லை, 10%.

மளிகையின் 17.8% கூடுதலா என்று கேட்டால், பங்கை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. சாக்சனி நாட்டுப் புள்ளியியல் அலுவலகத்தின் தலைவராக இருந்த எர்ன்ஸ்ட் எங்கெல், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுகளை ஆராய்ந்து, வருமானம் கூடக்கூட உணவின் பங்கு குறைகிறது என்று 1857-இல் எழுதினார். இன்றுவரை அந்தப் போக்கு மாறவில்லை. ஆகவே உங்களைவிட இரு மடங்கு சம்பாதிப்பவர் வீட்டில் உணவின் பங்கு 10% என்றால் அவர்கள் சிக்கனக்காரர்கள் என்று பொருள் இல்லை. தேவைக்கு 50, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20 என்று வருமானத்தைப் பிரிக்கச் சொல்லும், 50-30-20 என்று பரவலாகச் சொல்லப்படும் விதியும் இப்படித்தான். அது வரி போகக் கைக்கு வரும் வருமானத்தை அடிப்படையாகக் கொண்டது என்பதையே மறந்துவிட்டு, மொத்தச் சம்பளத்தில் போட்டுப் பார்த்துக் கலங்குபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

மற்றவர் பங்குகளோடு ஒப்பிடுவதைவிட நான் பயனுள்ளதாகக் கருதுவது ஒரே ஒரு பங்கைத்தான்: அடுத்த மாதமே நினைத்தாலும் குறைக்க முடியாத செலவு எவ்வளவு? உங்கள் வீட்டில் வாடகை, பள்ளி, கடன் தவணை, காப்பீடு, மின்சாரம் முதலான கட்டணங்கள் எல்லாம் சேர்த்து மாதம் 41,666, வருமானத்தில் 53%. உங்கள் வருமானம் 22,000-ஆகக் குறைந்த மாதத்தில் இதே தொகை 56%-ஐத் தாண்டிவிடுகிறது. சிக்கனம் பிடிக்க உங்களிடம் இருக்கும் களம் சுமார் 30,000 மட்டுமே, அதிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மளிகை இருக்கிறது. "மாதம் 18,000 சேமித்தே தீருவோம்" என்று தொடங்கினால் இந்த 30,000-இல் பன்னிரண்டாயிரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். இரண்டு மாதத்தில் கைவிடப்படும் திட்டங்களின் இலக்கணம் அது.

ஆகவே திட்டத்தைத் திருத்தும் முறை இது. பட்டியலில் வருமானம் எழுதிய இடத்தில் உங்கள் பங்கை 26,500 என்று மாற்றுங்கள். "ஆண்டுச் செலவு" என்று புதிய வரி ஒன்றைச் சேர்த்து 8,500 எழுதி, சம்பளம் வந்த அன்றே அந்தத் தொகை ஒரு தனிக் கணக்குக்குப் போகும்படி செய்யுங்கள். காப்பீடு, பள்ளி, வாகனப் பராமரிப்பு, விசேஷப் பயணம், மருத்துவம் ஆகிய ஐந்துக்கும் பணம் அந்தக் கணக்கிலிருந்து மட்டுமே போகவேண்டும். "இதர" வரியை 4,500 என்று உண்மைக்கு ஏற்ப உயர்த்துங்கள். அதைக் குறைக்க நினைத்தால் பிறகு குறைக்கலாம், முதலில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். செலவு 72,000, வரவு 78,500, மிச்சம் 6,500 என்று தாள் இப்போது சொல்லும்.

தனிக் கணக்கு தொடங்கும்போது ஒரு சிக்கல் வரும். மாதம் 8,500 சேர்த்தாலும், பள்ளித் தொகை 22,000 இரண்டாவது மாதத்திலும், காப்பீட்டில் 24,000 மூன்றாவது மாதத்திலும் கட்டவேண்டும் என்று உங்கள் ஸ்டேட்மென்ட் காட்டுகிறது. மூன்றாம் மாத முடிவில் சேர்ந்திருப்பது 25,500, கட்டவேண்டியது 46,000, 20,500 பற்றாது. அப்போது மறுபடியும் கார்டு வெளியே வரும், பழைய கதை தொடங்கும். அதைத் தவிர்க்க இரண்டாவது கணக்கில் இருக்கும் 49,000-இலிருந்து 20,500-ஐ முதல் நாளே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அதற்குப் பின் வரும் செலவுகள் ஆண்டில் பரவலாக வருவதால் இவ்வளவு ஆழமான பள்ளம் மீண்டும் வருவதில்லை.

கார்டு பாக்கி 33,000-ஐயும் கையிருக்கும் பணத்திலிருந்தே முழுமையாகத் தீர்த்துவிடுங்கள். பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளும்போது, பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் பறிபோய்விடுகிறது; வங்கியில் சும்மா கிடக்கும் பணம் ஈட்டும் வட்டி அதற்கு அருகில்கூட வராது. இவ்விரண்டும் போக உங்களிடம், கையிருப்பையும் சேர்த்து, 41,500 எஞ்சும். ஒரு மாதச் செலவுக்குக்கூடப் போதாத இருப்பு அது என்பது எனக்கும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. அப்படியும் தொடர் வைப்பை இப்போதைக்கு உடைக்க வேண்டாம். தேவைப்பட்டால் உடைக்கலாம் என்ற நிலையில் அதுவே உங்கள் அவசரகாலப் பணமாக இருக்கட்டும்.

வாகனக் கடனுக்கு இன்னும் 19 தவணைகள் இருப்பதாகக் கடன் ஸ்டேட்மென்ட் சொல்கிறது. கடைசித் தவணை போன மாதத்துக்கு அடுத்த மாதமே 6,000 கையில் நிற்கும். அந்தத் தொகைக்கு அன்றே இன்னொரு தொடர் வைப்பைத் தொடங்கிவிட்டால், செலவில் ஒரு பொட்டுக்கூடக் குறைக்காமல் சேமிப்பு மாதம் 12,500 ஆகும்; வருமானத்தில் 16%-க்குச் சற்றுக் குறைவு. அதுவரை இன்னொரு வாகனக் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் இருந்தால், வீடு மாறுவதால் கிடைக்கக்கூடியதைவிட இது அதிகம்.

ஆறு மாதம் கழித்து இதே சோதனையை நீங்களே செய்து பாருங்கள். சம்பளக் கணக்கு, இரண்டாவது கணக்கு, கையிருப்பு, தொடர் வைப்பில் புதிதாகப் போட்டது ஆகியவற்றைக் கூட்டிக் கார்டு பாக்கியைக் கழியுங்கள். ஆண்டுச் செலவுக்கான தனிக் கணக்கை மட்டும் சேர்க்காதீர்கள், அதன் இருப்பு மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதால் அது குழப்பும். தொடக்கத்தில் இருந்த 41,500-உடன் ஒப்பிட்டால் 39,000 கூடியிருக்க வேண்டும், அதாவது தொடர் வைப்பில் 30,000, மற்ற இடங்களில் 9,000. உங்கள் வருமானம் ஏறி இறங்குவதால் நான்கைந்து ஆயிரம் முன்பின் இருக்கலாம். 30,000-க்குக் கீழே வந்தால், அந்த ஆறு மாத ஸ்டேட்மென்ட்டில் 4,000-க்கு மேற்பட்ட பற்றுகளை முதலில் பிரித்தெடுங்கள். ஆண்டுச் செலவுப் பட்டியலில் நாம் எழுத மறந்த ஆறாவது ஒன்று பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.